வெட்டு மாங்காய் ஊறுகாய்: உப்பை நிறுத்துப் போட்டு, ஜாடியை வெயிலில் சோதித்து

பூசணத்துக்குக் காற்று வேண்டும். அதனால் ஊறுகாய் ஜாடியில் அது எப்போதும் மேலே இருந்துதான் ஆரம்பிக்கும். எண்ணெய்க்கு வெளியே தலை நீட்டிய துண்டில், ஜாடியின் கழுத்தில் அப்பிய மசாலாவில், மூடியின் உட்பக்கத்தில். அடியில் எண்ணெயில் முங்கிக் கிடக்கும் துண்டு முதலில் பூத்து நான் பார்த்ததில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால், உப்பு எவ்வளவு, ஜாடி எப்படி, எண்ணெய் எவ்வளவு என்ற மூன்று கேள்விக்கும் பதில் ஒரே இடத்திலிருந்து வந்துவிடும். இந்தச் சித்திரையில் போட்ட ஊறுகாயை அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

மாங்காய் நத்தம் பக்கத்திலிருந்து வந்த நாட்டுக் காய். கடித்தால் கண்ணை மூட வைக்கிற புளிப்பு, நிறைய நார், உள்ளே ஓடு நன்றாக முற்றியது. கிளிமூக்கு மாங்காய் பார்க்க அழகாக இருக்கும், உப்பு மிளகாய் தொட்டுத் தின்ன அதுபோல் வராது, ஆனால் வருஷத்துக்கு வைக்கும் ஊறுகாய்க்கு அதன் புளிப்பு போதாது. புளிப்பு இங்கே ருசிக்காக மட்டும் இல்லை. எண்ணெய்க்கு அடியில் காற்று இல்லாத இடத்தில் வளரக்கூடிய நச்சுக் கிருமிகளும் உண்டு. அவற்றைத் தடுப்பது காயின் புளிப்புதான். அதனால்தான் லேசாக மஞ்சள் ஓடிய, இனிப்பு எட்டிப் பார்க்கிற காயை எடுத்துத் தனியே வைத்துவிட்டேன். அது பச்சடிக்குப் போயிற்று.

ஓடு முற்றியிருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் வேறு. ஒவ்வொரு துண்டின் ஒரு பக்கத்திலும் அந்த ஓட்டின் ஒரு சில்லு ஒட்டியிருந்தால்தான் ஊறின பிறகும் துண்டு துண்டாக நிற்கும். பிஞ்சுக் காயாக இருந்தால் ஆடி மாதத்துக்குள் குழைந்து கூழாகிவிடும். கூழான சதை எண்ணெயைக் குடித்துவிட்டு மேலே மிதக்கும். மிதப்பது காற்றைத் தொடும். சுற்றிச் சுற்றி அங்கேயே வருகிறது பாருங்கள்.

காயை முழுசாகக் கழுவி, துணியால் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே வேட்டித் துணியில் பரப்பினேன். துடைத்தால் காய்ந்துவிட்டதாகத் தோன்றும். காம்புக் குழியை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். காம்பு ஒடிந்த இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும், அதற்குள் துணி போகாது, தண்ணீர் அங்கேயே உட்கார்ந்திருக்கும். டிஷ்யூ பேப்பரைத் திரித்து அதற்குள் விட்டு எடுத்தால் நனைந்து வரும். வெட்டும்போது அந்தத் தலைப்பக்கத்தை ஒரு விரல் கனத்துக்குச் சீவிப் போட்டுவிட்டால் பாலும் போய்விடும், குழியும் போய்விடும். வெட்டிய பிறகு கழுவுவது என்ற பேச்சே கிடையாது. உள்ளே பருப்பை எடுத்து, அதைச் சுற்றியிருக்கும் காகிதம் போன்ற தோலையும் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். அந்தத் தோல் தங்கினால் துவர்க்கும், கறுக்கும்.

முழுக் காய் 2.6 கிலோ வாங்கினேன். வெட்டி, பருப்பும் தலையும் போக, துண்டுகள் சரியாக 2 கிலோ நின்றன. இந்த இரண்டு கிலோதான் கணக்கு. கடைத் தராசில் வாங்கிய எடைக்கு உப்புப் போட்டால் கரிக்கும். காய் எண்ணிக்கைக்குப் போட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. "பத்துக் காய்க்கு ஒரு டம்ளர்" என்று பெரியவர்கள் சொல்லும் அளவு அவர்கள் வீட்டுக் காய்க்கும் அவர்கள் வீட்டு டம்ளருக்கும் அவர்கள் வாங்கிய உப்புக்கும் சரி. என் சமையலறையில் இருக்கிற 200 மில்லி டம்ளரில் கல்லுப்பைத் தலைதட்டி நிறுத்தால் 200 கிராமை ஒட்டி வருகிறது. அதே டம்ளரில் தூளுப்பு 240. கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் காற்றுதானே இருக்கிறது. பாட்டி தூளாக இடித்த உப்பைச் சொல்லியிருந்து, நாம் கல்லுப்பை அள்ளிப் போட்டால், ஆறில் ஒரு பங்கு உப்பு காணாமல் போகும். எலக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை முடிந்தது.

நான் போட்டது துண்டின் எடைக்கு 18 சதவீதம். 2 கிலோவுக்கு 360 கிராம். கல்லுப்பை வாணலியில் ஈரம் போகப் புரட்டி, ஆறவிட்டு, மிக்ஸியில் கொரகொரப்பாக ஓட்டிய பிறகு நிறுத்தேன். ஈரமாக நிறுத்தால் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் எடை காட்டும்.

ஏன் 18? உப்பு எண்ணெயில் கரையாது. மிளகாய்த்தூள், கடுகுத்தூள், எண்ணெய் என்று எதைச் சேர்த்தாலும் உப்பு போய்ச் சேருவது மாங்காயில் இருக்கும் தண்ணீரில்தான். பச்சை மாங்காயில் நூற்றுக்கு 85 பங்கு தண்ணீர் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் என் இரண்டு கிலோவில் 1,700 கிராம் தண்ணீர். அதில் 360 கிராம் உப்பு கரைந்தால் உப்புத் தண்ணீரின் பலம் பதினேழரை சதவீதம். துண்டுகளை ஒரு நாள் வெயிலில் வைத்து 300 கிராம் தண்ணீர் போய்விட்டால் 360 கிராம் உப்புக்கு 1,400 கிராம் தண்ணீர், பலம் இருபதைத் தாண்டும். அந்தப் பலத்தில் தண்ணீர் இருந்தும் பூசணத்துக்குக் குடிக்க எளிதில் கிடைக்காது, உப்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதையே 8 சதவீதம் போட்டுப் பாருங்கள், பலம் ஒன்பதைக்கூடத் தொடாது. நாலு நாளில் நுரை கட்டும்.

வீட்டில் உப்பு குறைவது பெரும்பாலும் கைக்கணக்கால் இல்லை, நாக்கால். முதல் வாரத்தில் ருசி பார்த்தால் கரிக்கத்தான் செய்யும், ஏனென்றால் உப்பு இன்னும் துண்டுக்குள் முழுசாக இறங்கியிருக்காது, சாறெல்லாம் ஒரே உப்பாக நிற்கும். அதைப் பார்த்துவிட்டு அடுத்த வருஷம் ஒரு பிடி குறைத்துவிடுவார்கள். ஒரு மாதம் பொறுத்தால் அதே ஊறுகாய் சமனாகிவிடும். உப்பு கூடாது என்று டாக்டர் சொன்னவர்கள் குறைத்துப் போடலாம், தப்பில்லை, ஆனால் அது ஃப்ரிட்ஜில் வைத்துச் சில வாரங்களில் தீர்க்க வேண்டிய பண்டம். அதை ஜாடியில் போட்டுப் பரணில் வைக்கக் கூடாது.

துண்டுகளில் 360 கிராம் உப்பும் 20 கிராம் மஞ்சள்தூளும் பிரட்டி, பீங்கான் ஜாடியில் போட்டு, வாயில் துணியால் வேடு கட்டினேன். மறுநாள் காலையில் பார்த்தால் அடியில் மூன்று விரல் உயரத்துக்குச் சாறு விட்டிருந்தது. உப்பு வேலை செய்கிறது என்பதற்கு இதுதான் அடையாளம். ஆனால் இந்தக் கட்டத்தில் எண்ணெய் கிடையாது, மேலே இருக்கும் துண்டுகள் சாற்றுக்கு வெளியே இருக்கும். அதனால் காலையும் மாலையும் ஜாடியைக் குலுக்கி, மேலே இருப்பது அடியில் போகும்படி மரக் கரண்டியால் புரட்ட வேண்டும். ஒரு வேளை மறந்தால்கூட மேல் துண்டில் உப்புக் கழுவி இறங்கி வெளிறிப்போய் இருப்பது தெரியும். மூன்றாம் நாள் துண்டுகளின் தோல் பச்சை மாறி ஆலிவ் நிறத்துக்கு வந்தது, ஓரங்கள் சுருங்கின. துண்டுகளை வடித்துத் தட்டில் ஒரு நாள் வெயில், சாற்றைப் பாத்திரத்தில் தனியாக ஒரு நாள் வெயில். சாற்றைக் கொட்டிவிடக் கூடாது. உப்பும் புளிப்பும் பாதி அதில்தான் இருக்கிறது.

இந்த மூன்று நாளும் ஜாடிகளுக்கு வேறு வேலை நடந்தது. அதைச் சொல்வதற்கு முன் பக்கத்து வீட்டு அக்காவின் பாட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன வருஷம் அவர்கள் போட்டது ஆடிக்குள் பூத்துவிட்டது. "உப்பெல்லாம் சரியாத்தான் போட்டேன், எண்ணெயும் நிக்குது, என்னன்னே தெரியல, நீங்க கொஞ்சம் பாருங்க" என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். கண்ணாடி பாட்டில், பிளாஸ்டிக் திருகு மூடி. உள்ளே எண்ணெய் நிஜமாகவே ஒரு விரலுக்கு மேல் நின்றது. பூசணம் இருந்தது கழுத்தில், அதுவும் சுற்றிலும் இல்லை, பிறை மாதிரி ஒரு பக்கமாக. மூடியைத் திருப்பினேன். அதற்குள் வெள்ளையாக ஒரு வட்ட அட்டை உண்டு, காற்று போகாமல் பிடிக்க. கத்தி முனையால் நெம்பி எடுத்தால் பின்பக்கம் ஈரம், கறுப்புப் புள்ளிகள். பாட்டிலை வெயிலில் காயவைத்தவர்கள் மூடியைக் கழுவித் துடைத்ததோடு விட்டிருக்கிறார்கள். அட்டைக்குப் பின்னால் புகுந்த தண்ணீர் வெளியே வர வழியே இல்லை. பகல் சூட்டில் ஆவியாகி, இரவில் குளிர்ந்து கழுத்தில் முத்து முத்தாக நின்றிருக்கிறது. பாட்டில் ஒரு பக்கம் சுவரை ஒட்டி இருந்ததாம், குளிர்ந்த பக்கம் அதுதான். கழுத்தில் ஒட்டிய மசாலாவில் அந்தத் துளி விழுந்து உப்பைக் கழுவிவிட்டது. எண்ணெய் அந்த உயரத்துக்கு எட்டாது.

அப்புறம் என்ன, மூடி அட்டையை எடுத்துவிட்டுக் காயவைப்பது இப்போது எங்கள் தெருவில் சட்டம்.

கண்ணாடி பாட்டில் காய்ந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நான் செய்வது இது: வெந்நீரில் கழுவி, கவிழ்த்து வடியவிட்டு, நல்ல வெயிலில் ஒரு பகல் முழுக்க வாய் மேலாக வைத்து, மூடியைத் தனியே மல்லாத்தி வைத்துக் காயவிடுகிறேன். மறுநாள் உச்சி வெயிலில் மூடியைப் போட்டு இறுக்கி, கால் மணி நேரம் வெயிலிலேயே விட்டு, நிழலுக்குக் கொண்டுவந்து, ஈரத் துணியை வெளிப்பக்கம் ஒரு இடத்தில் ஒத்துகிறேன். உள்ளே ஈரம் இருந்தால் துணி பட்ட இடத்துக்கு நேர் உட்பக்கம் மங்கலாகப் பனி படியும். பனி வந்தால் திறந்து இன்னொரு நாள். வெளி ஈரத்தைத் துடைத்துவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் எதையும் வெளியே விடுவதில்லை. காயவைத்ததெல்லாம் இரவுப் பனியில் திரும்ப ஈரம் ஏறிவிடும்.

பீங்கான் ஜாடியில் இந்தச் சோதனை செல்லாது, உள்ளே தெரியாது. அதற்கு ஒரு ஸ்பூன் காய்ந்த தூளுப்பைப் போட்டு மூடி ஒரு இரவு வைத்தால் போதும். காலையில் ஜாடியைச் சாய்த்தால் உப்பு மணலாக ஓட வேண்டும். ஒட்டிக்கொண்டோ கட்டியாகவோ நின்றால் ஈரம் இருக்கிறது. பளபளப்புப் பூச்சில் மயிரிழை வெடிப்பு விழுந்த ஜாடி எத்தனை வெயில் கண்டாலும் அந்த வெடிப்பு வழியே தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். விரலால் சுண்டிப் பார்த்தால் சத்தம் கணீரென்று வராமல் மொட்டையாக வரும். அம்மா காலத்து ஜாடி என்று மனசு கேட்காது, ஆனால் அதில் புளி போட்டு வைக்கலாம்.

இனி எண்ணெய். நல்லெண்ணெய் 600 மில்லி எடுத்தேன். மற்ற எண்ணெய்களைவிட அது காறல் ஏறாமல் நிற்கும், அதில் இயல்பாகவே அதற்கான சத்து இருக்கிறது. இதில் 400 மில்லியைச் சூடாக்கி, கட்டிப் பெருங்காயத்தைப் பொரித்து எடுத்துப் பொடித்துக்கொண்டு, எண்ணெயை முழுக்க ஆறவிட்டேன். முழுக்க என்றால் பாத்திரத்தின் அடியில் கை வைத்தால் சூடே தெரியக் கூடாது. வெதுவெதுப்பாக ஊற்றி மூடினால் துண்டிலிருந்து எழும் ஆவி மூடியில் படிந்து, நாம் மூன்று நாள் காயவைத்ததெல்லாம் வீண். மிளகாய்த்தூளுக்கும் இதே நியாயம். மில்லில் அரைத்துக் கொடுக்கும்போது கை சுடும். அப்படியே டப்பாவில் அடைத்தால் உள்ளே வியர்க்கும். பேப்பரில் பரப்பி ஆறவிட்டுத்தான் பயன்படுத்தினேன்.

மிளகாய்த்தூள் 200 கிராம், வெயிலில் காயவைத்து வறுக்காமல் பொடித்த கடுகு 100, சிவக்க வறுத்துப் பொடித்த வெந்தயம் 25. கடுகை வறுக்காததற்குக் காரணம், பச்சைக் கடுகுத்தூள் ஈரம் பட்டதும் மூக்கில் ஏறும் அந்தக் காரம், பூசணத்துக்கும் பிடிக்காத காரம். வறுத்தால் அது செத்துவிடும். காய்ந்த துண்டு, வெயிலில் வைத்த சாறு, பொடிகள் எல்லாம் ஒன்றாகப் பிரட்டி, ஆறிய எண்ணெயை ஊற்றி, ஜாடியில் பாதிப் பாதியாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் மரக் கரண்டியால் அமுக்கினேன். அமுக்காவிட்டால் துண்டுகளுக்கு நடுவே காற்றுப் பைகள் நிற்கும். மேலே முக்கால் ஜாடிக்கு மேல் நிரப்பவில்லை. கடைசியில் கழுத்தைச் சுற்றி உள்ளும் வெளியும் காய்ந்த துணியால், பிறகு எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தேன். அக்காவின் பாட்டிலுக்குப் பிறகு இந்த ஒரு நிமிஷத்தை நான் விடுவதே இல்லை.

போட்ட அன்று எண்ணெய் மேலே நிற்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. மூன்றாம் நாள் திறந்தபோது எண்ணெய் மட்டம் இறங்கி, துண்டுகளின் முதுகு வெளியே தெரிந்தது. பொடி எண்ணெயைக் குடிக்கும், துண்டும் கொஞ்சம் குடிக்கும். மீதி 200 மில்லியை மெல்லச் சூடாக்கி ஆறவைத்து அப்போது ஊற்றினேன். கிளறி, அமுக்கி, ஒரு வாரம் கழித்துத் திரும்பப் பார்த்தேன். அரை விரல் உயரத்துக்கு எண்ணெய் நின்றது. அதற்கு மேல் ஊற்றத் தேவையில்லை. தேவைப்படும் காலம் பிறகு வரும்.

வெள்ளையாக எதையாவது பார்த்தால் உடனே பதறவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். ஜாடி விளிம்பில் அல்லது துண்டின் மேல் மணல்போல் நறநறவென்று இருந்தால் அது உப்பு. ஒரு துளி தண்ணீர் விட்ட சின்னத் தட்டில் போட்டால் கரைந்துவிடும். சாற்றின் மேல், எண்ணெய் மூடாத இடத்தில், பாலாடைபோல் மெல்லிய சுருக்கம் விழுந்த ஏடு என்றால் அது ஒருவகை ஈஸ்ட். உப்புக் குறைந்ததற்கும் எண்ணெய் குறைந்ததற்கும் அது சாட்சி, கூடவே புளித்த மாவு வாடை வரும். பஞ்சுபோல் நின்று, சாம்பலோ பச்சையோ கறுப்போ நிறம் காட்டினால் பூசணம். பூசணம் பிடித்த மேல் துண்டை மட்டும் எடுத்துவிட்டு வெயிலில் வைத்து எண்ணெய் காய்ச்சி ஊற்றினால் சரியாகிவிடும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கண்ணுக்குத் தெரிவது மேல்பஞ்சு மட்டும். அதன் இழை துண்டுக்குள்ளும் மசாலாவுக்குள்ளும் இறங்கியிருக்கும், சில பூசணம் விடும் நஞ்சு வெயிலிலும் காய்ச்சின எண்ணெயிலும் போகாது. அக்காவின் பாட்டிலை அப்படியே குழி தோண்டிக் கொட்டினோம். அவர்களுக்கு வருத்தம்தான், இரண்டு கிலோ.

பெரிய ஜாடியை நான் பத்து, பதினைந்து நாளைக்கு ஒரு முறைதான் திறக்கிறேன். காய்ந்த கரண்டியால் ஒரு சின்ன பாட்டிலுக்கு மாற்றிக்கொண்டு, அதைத்தான் தினம் சாப்பாட்டு மேசையில் வைப்பது. தயிர்சாதக் கையோடு யார் ஸ்பூனைத் தொட்டாலும் நஷ்டம் அந்தப் பாட்டிலோடு போகும். மாற்றும் ஒவ்வொரு முறையும் மட்டம் இறங்கும், மேல் துண்டுகள் தலை காட்டும். கரண்டியால் அமுக்கிவிட்டு, எண்ணெய் மூடவில்லை என்றால் கொஞ்சம் காய்ச்சி ஆறவைத்து ஊற்றிவிட வேண்டும். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் ஒரு முறை அப்படிப் பார்த்துவிட்டேன். 100 மில்லி பிடித்தது. ஓடு ஒட்டிய துண்டுகள் இன்னும் கடிக்க நறுக்கென்று இருக்கின்றன, கரிப்பு போய்ப் புளிப்பும் காரமும் ஒன்று சேர்ந்துவிட்டது.